மாதம் 17,000-மா, வருடம் நாலரை லட்சமா?

போன வருடம் மே மாதக் கடைசியில் சித்தி மகன் என் வீட்டுக்கு வந்தான். மெக்கானிக்கல் முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கையில் இரண்டு ஆஃபர். ஒன்று சென்னை பக்கம் ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு பம்பர், டேஷ்போர்டு மாதிரி பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுக்கும் பெரிய ஆலையில் பயிற்சிப் பொறியாளர் வேலை, வருடத்துக்கு நாலரை லட்சம். இன்னொன்று இங்கே கோவை கணபதியில், பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் மோல்டுகளைச் செய்யும், நாற்பது பேர் வேலை பார்க்கும் ஒரு டூல் ரூமில் மோல்டு டிசைன், மாதம் 17,000. "அக்கா, நீங்க சொல்றதுதாங்க, எதுக்குப் போகட்டும்?" என்றான். சித்தப்பாவும் கூட வந்திருந்தார். அவருக்கு அதில் கேள்வியே இல்லை. "அம்மிணி, நாலரை லட்சத்தை விட்டுட்டு எவனாவது பதினேழாயிரத்துக்குப் போவானா, நீயே சொல்லு" என்றார்.

எனக்கு மோல்டு டிசைன் துறையில் பதின்மூன்று வருடம் ஆகிறது. இந்தக் கேள்வியை என்னிடம் இதற்கு முன்னும் சிலர் கேட்டிருக்கிறார்கள், ஆரம்பத்தில் நான் யோசிக்காமல் "கத்துக்கற இடத்துக்குப் போ, காசு பின்னாடி வரும்" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏனென்றால் நானே அந்தப் பேச்சை நம்பி முதல் வேலைக்குப் போனவள், அங்கே 14 மாதம் போனது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். முதலில் சித்தப்பாவின் கணக்கைப் பார்ப்போம்.

ஒன்றை மாதக் கணக்கில் சொல்கிறார்கள், இன்னொன்றை வருடக் கணக்கில் சொல்கிறார்கள். இதைக் கவனிக்காமல் பேசினால் பேச்சே தப்பாகப் போகும். சரி, 17,000-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,04,000. அப்போதும் இரண்டரை லட்சம் வித்தியாசம் தெரிகிறது. ஆனால் நாலரை லட்சம் என்பது சி.டி.சி., அதாவது கம்பெனி அவனுக்காகச் செலவழிப்பதாகச் சொல்லும் மொத்தத் தொகை. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அவன் அந்தப் பக்கத்தை அதுவரை திறந்தே பார்க்கவில்லை.

அதில் அடிப்படைச் சம்பளம் 15,000, வீட்டு வாடகைப் படி 7,500, சிறப்புப் படி 5,000. ஆக மாதம் 27,500, வருடத்துக்கு 3,30,000. மீதி 1,20,000 எங்கே என்றால், கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800 வீதம் 21,600. பணிக்கொடை 8,658, அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம். நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தால்தான் அது கைக்கு வரும், அதனால் இரண்டு மூன்று வருடத்தில் வேறு இடம் போகப்போகிற பையனுக்கு அது வெறும் எண்தான். மருத்துவக் காப்பீட்டுக்குப் பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வருடக் கடைசியில் செயல்பாட்டைப் பார்த்துத் தரும் தொகை "40,000 வரை" என்று போட்டிருந்தது, அந்த 'வரை'யை அடிக்கோடு போட்டுக் காட்டினேன். இன்னொரு 40,000, இரண்டு வருடம் அங்கேயே இருந்தால் மொத்தமாக 80,000 ஆகத் தரும் தக்கவைப்பு போனஸில் ஒரு வருடப் பங்கு.

ஆக மாதம் கைக்கு வருவது எவ்வளவு? 27,500-இல் அவன் பங்கு பி.எஃப். 1,800 போகும், தொழில் வரி மாதத்துக்குச் சுமார் 200 ரூபாய், கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் 600. கைக்கு 24,900 வரும். ஒரகடத்தில் மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் அறையில் அவன் பங்கு, கேன்டீன் இல்லாத வேளைச் சாப்பாடு, மாதம் இரண்டு முறை கோவை வந்துபோவது எல்லாம் சேர்த்து 11,000 என்று போட்டோம். மிச்சம் ஏறக்குறைய 14,000.

கணபதி வேலையில் 17,000-இல் பி.எஃப். 1,200, இ.எஸ்.ஐ. 128, தொழில் வரி 200. கைக்குப் பதினைந்தரை ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அவன் சோமனூரில் வீட்டிலிருந்தே போகலாம், பஸ்ஸுக்கு 1,800, வெளியில் டீ டிபன் என்று ஆயிரம். மிச்சம் சுமார் 12,650.

14,000-க்கும் 12,650-க்கும் வித்தியாசம் 1,350. சித்தப்பா கால்குலேட்டரை வாங்கி ஒருமுறை தானே போட்டுப் பார்த்தார்.

இதை வைத்து "பாருங்க, இரண்டும் ஒன்றுதான்" என்று நான் சொல்லவில்லை, அது உண்மையும் இல்லை. பெரிய ஆலையில் பி.எஃப். கணக்கில் மாதம் 1,200 கூடுதலாகச் சேரும், அவன் பங்கு 600, கம்பெனி பங்கு 600. அதையும் கூட்டினால் நிச்சயமாகத் தெரிந்த வித்தியாசம் வருடத்துக்குச் சுமார் 30,000. வருடக் கடைசித் தொகை முழுசாக வந்தால் 70,000. இரண்டு வருடம் இருந்து அந்தத் தக்கவைப்பு போனஸையும் வாங்கினால் வருடத்துக்கு 1,10,000. ஆக அவன் விட்டுக்கொடுப்பது 30,000-க்கும் 1,10,000-க்கும் நடுவில் ஏதோ ஒன்று, இரண்டு ஆஃபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிற இரண்டரை லட்சம் இல்லை. வருமான வரி இரண்டிலுமே கிடையாது, அதனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு முழுக்க அவன் வீடு சோமனூரில் இருப்பதால்தான் இப்படி வந்தது. இதே பையன் தூத்துக்குடியிலிருந்து வந்து கோவையில் அறை எடுத்துத் தங்க வேண்டியிருந்தால் 17,000-இல் மாதம் நாலாயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும். சித்தி மகனுக்குக் கல்விக் கடனும் இருக்கிறது, வட்டியோடு சேர்த்து 4 லட்சம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும், 10 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு மாதம் 6,640. நாலாயிரத்தை வைத்துக்கொண்டு 6,640 கட்ட முடியாது. அந்த நிலைமையில் அந்த வேலை எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் அவனுக்கு அது ஆஃபரே இல்லை. கற்பதா காசா என்று பேசுவதெல்லாம் இந்தத் தவணையைக் கட்டிய பிறகு மிச்சம் இருந்தால்தான்.

என்னோடு ஹாஸ்டலில் இருந்த ஒருத்திக்கு இப்படித்தான் இருந்தது. அவள் படிப்புக்கு அவங்க அப்பா வெளியில் இரண்டு வட்டிக்கு மூன்று லட்சம் வாங்கியிருந்தார். இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம் வட்டி மட்டும், அசல் அப்படியே நிற்கும். அவளுக்கு மோல்டு டிசைன் என்றால் உயிர், எங்கள் எல்லோரையும்விட நன்றாக வரைவாள். ஆனால் அதிகச் சம்பளம் தந்த ஒரு இரவு ஷிப்ட் அலுவலக வேலைக்குப் போனாள், இரண்டு வருடத்தில் அந்தக் கடனை அடைத்தாள். அப்போது நாங்கள் சிலர் "திறமையை வீணாக்கறா" என்று பேசினோம். அந்தப் பேச்சுக்கு நான் இன்றும் வருத்தப்படுகிறேன். மாதம் இரண்டு சதவீதம் ஏறும் கடனுக்கு முன்னால் எந்தக் கற்றலும் அந்த வேகத்தில் வளராது, அவள் செய்ததுதான் சரி.

சித்தி மகனுக்கு அந்த நெருக்கடி இல்லை. வீட்டில் நாலு தறி ஓடுகிறது, தவணை ஆரம்பிக்க ஒரு வருடம் இருக்கிறது, 12,650-இல் 6,640 கட்டினாலும் ஆறாயிரம் மிஞ்சும். அதனால் அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றேன். அந்த டூல் ரூமில் உண்மையிலேயே எதையாவது கற்க முடியுமா?

என் முதல் வேலையைப் பற்றி இங்கேதான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு டூல் ரூம்தான், பெயர் வேண்டாம். நேர்காணலில் "சம்பளம் கம்மிதாம்மா, ஆனா இங்க ஏ டூ இஸட் கத்துக்கலாம்" என்றார்கள். நான் உள்ளே போனதும் எனக்குக் கொடுத்தது மூத்த டிசைனர் முடித்த முப்பரிமாண மாடலிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் இரு பரிமாண வரைபடம் எடுத்து அளவு போடுகிற வேலை. அது தேவையான வேலை, எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், இரண்டு மூன்று மாதம் செய்தால் கை பழகும். நான் 14 மாதம் அதையே செய்தேன். மோல்டை மெஷினில் ஏற்றி முதல் முறை பிளாஸ்டிக்கை உள்ளே விட்டுப் பார்ப்பதை டிரையல் என்போம். ஒரு டிரையலுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை, "பொண்ணு, ராத்திரி ஆயிடும்" என்பது ஒரு காரணம், "உன் வேலையே முடியல" என்பது இன்னொன்று.

பிறகு வேறு இடத்தில் நேர்காணலுக்குப் போனேன். ஒரு மூடியைக் கையில் கொடுத்து, "இது பி.பி. பிளாஸ்டிக், சுருக்கம் எவ்வளவு கொடுப்பீங்க?" என்று கேட்டார்கள். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், அதற்காக மோல்டை எவ்வளவு பெரிதாக வரைவது என்பதுதான் கேள்வி. 1.5 சதவீதம் என்றேன், எல்லாப் பழைய ஃபைலிலும் அப்படித்தான் பார்த்திருந்தேன். "ஏன்? கேட் இங்க நடுவுல இல்லாம ஓரத்துல இருந்தா அதே 1.5 தானா? சுவர் தடிமன் ரெண்டு மில்லிக்குப் பதிலா மூணா இருந்தா?" என்று கேட்டார்கள். பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வழியைத்தான் கேட் என்போம். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. 14 மாத அனுபவம் என்று தாளில் எழுதியிருந்தேன், அந்த மேஜையில் அது ஒரு மாத அனுபவம்தான். அன்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது.

சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்க 'கத்துக்கலாம்' என்ற சொல் மிக வசதியான சொல். சி.டி.சி.க்காவது ஒரு அட்டவணை உண்டு, இதற்கு அதுவும் இல்லை. அதனால் நேரில் போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அந்த டூல் ரூமில் ஃபோன் போட்டு, சேருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஷாப்பைப் பார்க்கலாமா என்று அவனையே கேட்கச் சொன்னேன். தாராளமாக வரச்சொன்னார்கள். சனிக்கிழமை மதியம் நானும் கூடப் போனேன். அவனிடம் நான் சொல்லி வைத்தது, முதலாளி பேசுவதைவிட மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரைபடங்களைப் பார் என்பதுதான். வி.எம்.சி., ஸ்பார்க், ஒயர்கட் என்று ஸ்டீலை வெட்டும் ஒவ்வொரு மெஷினிலும் அன்றைய வேலையின் பிரிண்ட் ஒட்டியிருக்கும். அதன் வலது கீழ் மூலையில் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று கட்டங்கள் இருக்கும். சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருந்தாலோ, இரண்டு கட்டத்திலும் ஒரே எழுத்துகள் இருந்தாலோ அங்கே யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். இங்கே வரைந்தவர் கட்டத்தில் மூன்று வேறு வேறு பேர், சரிபார்த்தவர் எல்லாவற்றிலும் ஒருவர். டிசைன் அறையில் போய்ப் பார்த்தால் மேஜை மேல் பழைய பிரிண்டுகளில் சிவப்பு மை. ஒரு தாளில் வட்டம் போட்டு "எஜெக்டர் பின் கூலிங் லைன்ல இடிக்குது" என்று எழுதியிருந்தது, அதாவது பாகத்தை வெளியே தள்ளும் குச்சி மோல்டைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பாதையில் மோதுகிறது. எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

சிவப்பு மைக்கு நான் ஏன் இவ்வளவு முக்கியம் தருகிறேன் என்றால், என் இரண்டாவது வேலையில் நான் செய்த ஒரு தப்பு. 120 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டப்பா மூடி, பி.பி. பிளாஸ்டிக். அதற்கு முன் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் ஒரு வேலை செய்திருந்தேன், அந்த ஃபைலைத் திறந்து அதன் மேலேயே புதியதை ஆரம்பித்ததால் சுருக்கம் 0.5 சதவீதம் என்று இருந்ததை மாற்ற மறந்துவிட்டேன். மோல்டை 120.6-க்கு வரைந்தேன். பி.பி. ஆறும்போது சுமார் 1.5 சதவீதம் சுருங்கும், ஆக மூடி 118.8 மில்லிமீட்டர் வந்திருக்கும், டப்பாவில் ஏறியே இருக்காது. ஸ்டீலை வெட்டிய பிறகு தெரிந்திருந்தால் வாரக் கணக்கில் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். என் சீனியர் பிரிண்டைப் பார்த்ததும் 120.6-ஐச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டு, என்னை நேரே மோல்டிங் மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்போதுதான் விழுந்த சூடான மூடியை வெர்னியரில் அளக்கச் சொன்னார், அரைமணி கழித்துத் திரும்ப அளக்கச் சொன்னார். எண் என் கண் முன்னால் குறைந்தது. முதல் வேலையின் 14 மாதத்தில் அந்த அரைமணி நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

ஷாப்பில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டோம். கடைசியாக ஃப்ரெஷராகச் சேர்ந்தவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள்? ஒரு பையன் இரண்டு வருடம் முன்பு சேர்ந்தவன், இப்போது சின்ன மோல்டுகளைத் தானே முழுசாகச் செய்கிறான், அங்கேயே இருந்தான், அவனிடமே பேசினோம். இன்னொருவன் ஒன்றரை வருடத்தில் ஓசூருக்கு நல்ல சம்பளத்தில் போய்விட்டான் என்று முதலாளியே கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். வெளியில் இருப்பவன் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறான் என்றால் இங்கே கற்றதற்கு மதிப்பு இருக்கிறது. அந்த முதலாளியின் வருத்தம் எங்களுக்கு நல்ல செய்தி. அடுத்து, போன மோல்டு எத்தனை டிரையலில் சரியானது என்று கேட்டோம். "எல்லாமே முதல் டிரையல்லயே ஓகே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இவர், மூன்றாவது டிரையலில்தான் சரியானது, முதல் தடவை ஒரு மூலையில் பிளாஸ்டிக் போய்ச் சேரவில்லை, வாயு வெளியேற வழி போதவில்லை என்று சொன்னார். டிசைனர் டிரையலுக்கு வருவாரா என்றதற்கு, "வராம எப்படிங்க, அவன் தப்ப அவன்தானே பாக்கணும்" என்றார்.

பெரிய ஆலையையும் இதே அளவுக்குப் பார்க்க வேண்டும், அதுதான் நியாயம். 'சின்ன இடம் என்றால் கற்கலாம், பெரிய இடம் என்றால் காசு' என்று நினைப்பது தப்பு. பெரிய ஆலையில் உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் செலுத்தும் ஊசி வார்ப்பு மெஷின்கள் பக்கத்திலேயே இரண்டு வருடம் நின்றவனுக்கு, எந்த டிசைனருக்கும் தெரியாத விஷயங்கள் தெரியும். தர ஆவணங்கள், ஒரு கார் கம்பெனிக்குப் புதுப் பாகத்தை ஒப்புதல் வாங்கும் முறை, ஷிப்டில் முப்பது பேரை வைத்து வேலை வாங்குவது, இதெல்லாம் கணபதியில் கிடைக்காது. ஆலையை நடத்தும் ஆளாக வர நினைப்பவனுக்கு அதுதான் கற்கும் இடம், சம்பளமும் அங்கேயே. ஆனால் எந்தப் பிரிவில் போடுவார்கள்? எச்.ஆரிடம் கேட்டதற்கு "சேர்ந்த பிறகு முடிவாகும்" என்று பதில். அதனால் அவனுடைய கல்லூரியிலிருந்து போன வருடம் அங்கே போனவர்களைத் தேடிப் பேசச் சொன்னேன். மொத்தம் ஒன்பது பேர் போயிருந்தார்கள். ஆறு பேர் அசெம்பிளி லைனில், இரண்டு பேர் கடைசிப் பரிசோதனையில், ஒருவன் மட்டும் மோல்டு பராமரிப்பில். அசெம்பிளியில் இருப்பவன் சொன்னது, மணிக்கு எத்தனை பீஸ் என்று போர்டில் எழுதுவதும் ஆள் வராத இடத்தில் ஆளைப் போடுவதும்தான் தன் நாள் என்று. அவன் குறையாகச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னான். ஆக இவன் விரும்பும் பிரிவு கிடைக்க ஒன்பதில் ஒரு வாய்ப்பு.

சித்தி மகனிடம் அன்று ராத்திரி கேட்டேன், உனக்கு டிசைன் வேணுமா, இல்லை அது சும்மா சொல்றதா என்று. இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு அவன் ஒரு சின்ன மோல்டு வரைந்தது எனக்குத் தெரியும், அதில் ஸ்லைடர் எப்படி நகரும் என்று அட்டையில் வெட்டிச் செய்து பார்த்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். சரி.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மோல்டு டிசைனில் சம்பளம் சாஃப்ட்வேர் மாதிரி ஏறாது. வேலை கோவை, சென்னை, ஓசூர், பெங்களூரு, புனே என்று சில ஊர்களில்தான் அதிகம். நான் மூன்றாம் ஆண்டில் மாறியபோது 14,000-லிருந்து 26,000 ஆனது, அதற்கு அந்தச் சிவப்பு மைதான் காரணம், ஆனால் அந்த ஏற்றம் ஒரு முறைதான் நடந்தது, அப்புறம் மெதுவாகத்தான் ஏறியது.

பிறகு டூல் ரூமின் ஆஃபர் லெட்டர் வந்தது. அதில் இரண்டு சிக்கல். இரண்டு வருட பாண்ட், நடுவில் போனால் ஒரு லட்சம் கட்ட வேண்டும். சேரும்போது அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும். அவன் நண்பர்கள் "பாண்டெல்லாம் கோர்ட்ல நிக்காதுடா, கையெழுத்துப் போட்டுட்டுப் போடா" என்று சொல்லியிருந்தார்கள். இதை நம்ப வேண்டாம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, போட்டிருக்கும் தொகை முழுதும் தானாகக் கிடைத்துவிடாது, நியாயமான இழப்பீடுதான் கேட்கலாம் என்பது உண்மை. ஆனால் 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி மூன்று வருடம் முடிவதற்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, தேர்வு வைத்து ஆள் எடுக்கும் செலவையும் பார்த்துச் சொன்னது, நாற்பது பேர் ஷாப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டால் அந்தக் காலம் இருக்கும் எண்ணத்தோடு போட வேண்டும்.

அசல் சான்றிதழை மட்டும் எந்த நிலையிலும் கொடுக்காதே என்றேன். பாண்டில் பணம்தான் போகும், சான்றிதழ் அவர்கள் பீரோவில் இருந்தால் அடுத்த நேர்காணலுக்கே போக முடியாது. அவன் நேரில் போய், அசலைக் காட்டிவிட்டு நகல் தருகிறேன் என்று மரியாதையாகச் சொன்னான். முதலாளி கொஞ்சம் யோசித்து ஒத்துக்கொண்டார். பாண்டைப் பதினெட்டு மாதமாகக் குறைக்க முடியுமா என்று கேட்டதற்கும் சரி என்றார். நான் சொல்லிக்கொடுத்த இன்னொன்றையும் கேட்டான்: ஆறு மாதம் கழித்து 20,000, முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு தன் டிசைன் போகும் டிரையலில் தானும் இருக்க வேண்டும், இந்த இரண்டையும் லெட்டரில் எழுதித் தர முடியுமா? முதலாவதை எழுதிக் கொடுத்தார். இரண்டாவதை எழுதவில்லை, "அதெல்லாம் எழுதறதா தம்பி, நீ வராட்டி நான் திட்டுவேன்" என்றார்.

பி.எஃப். பிடிப்பதையும் உறுதி செய்துகொண்டோம். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது கட்டாயம். ஆனால் என் கவலை சேமிப்பு மட்டும் இல்லை. நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போகும்போது அவர்கள் அனுபவத்தைச் சரிபார்ப்பது பெரும்பாலும் பி.எஃப். கணக்கில் இருக்கும் பணி விவரத்தை வைத்துத்தான். கையில் சம்பளம் கொடுத்து எந்தக் கணக்கிலும் வராமல் இரண்டு வருடம் வேலை செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், கற்றதெல்லாம் கைக்குத் தெரியும், தாளில் ஒன்றுமே இருக்காது.

ஜூன் 16 சேர்ந்தான். சித்தப்பா முதல் இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஊரில் கேட்பவர்களுக்கு "நாலரை லட்சம்" என்று சொல்லிவிட்டிருந்தார், பையன் தினம் சாப்பாட்டுத் தூக்கோடு பஸ் ஏறுவதைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

நாலு மாதம் தட்டுகளுக்கு அளவு போடும் வேலைதான் கொடுத்தார்கள். அக்டோபரில் எனக்கு ஃபோன் செய்து "அக்கா, உங்களுக்கு நடந்தது மாதிரியே ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க" என்றான். டிரையலுக்குப் போனாயா என்று கேட்டேன். மூன்றுக்குப் போயிருந்தான். அப்படியானால் இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறு, தைப்பொங்கலுக்குள் ஒரு சின்ன மோல்டாவது கையில் வரவில்லை என்றால் போய்க் கேள் என்றேன். நவம்பர் கடைசியில் ஒரு சுவிட்ச் பெட்டி மூடி அவனிடம் வந்தது. டிசம்பரில் ஆறு மாதம் முடிந்தும் சம்பளம் 17,000 ஆகவே வந்தது. லெட்டரின் நகலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான், மறந்துவிட்டதாகச் சொல்லி ஜனவரியிலிருந்து 20,000 ஆக்கினார்கள், இடைப்பட்ட நாட்களின் வித்தியாசம் வரவில்லை.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்தவன் பையிலிருந்து சுவிட்ச் பெட்டி மூடியின் பிரிண்டை எடுத்து மேஜையில் விரித்தான். பதினொரு இடத்தில் சிவப்பு வட்டம். ஒவ்வொன்றாக ஏன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். இந்தச் சுவரில் சரிவு போதாது, மேட் ஃபினிஷ் வேண்டும் என்றால் இன்னும் அதிகம் தர வேண்டும், இல்லாவிட்டால் மோல்டு திறக்கும்போது கீறல் விழும். இந்த விலா எலும்பு மாதிரிப் போகும் தடுப்பு ரொம்பத் தடிமன், வெளிப் பக்கம் குழி விழும். பத்து வட்டம் சொல்லி முடித்தான். பதினொன்றாவது கேட் பக்கத்தில் இருந்தது, ஒரு கேள்விக்குறி மட்டும், வேறு எதுவும் எழுதவில்லை. நானும் அவனும் கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், எனக்கும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.